தூணும் பலகையும்: ரெடிமேட் காம்பவுண்ட் சுவருக்குக் கணக்குப் போடும் விதம்

மாதவரம், மாத்தூர், மணலி புதுநகர், மீஞ்சூர் என்று வடசென்னையின் விளிம்பில் காலி மனை வாங்கியவர்கள், வீடு கட்டும்வரை இடத்தைப் பாதுகாக்க முதலில் தேடுவது ரெடிமேட் காம்பவுண்ட் சுவரைத்தான். செங்கல் சுவருக்கு மனையைச் சுற்றி நீளமாக வாணம் தோண்ட வேண்டும். இதற்கு அது தேவையில்லை. தூண் நிற்கும் இடத்தில் மட்டும் குழி தோண்டினால் போதும். யார்டில் வார்த்த கான்கிரீட் தூண்களை நட்டு, இரண்டு தூண்களுக்கு நடுவே கான்கிரீட் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிவிட்டால் சுவர் எழுந்துவிடும்.

வேலை சுலபமாகத் தெரிவதால் கணக்கையும் சுலபமாகவே போட்டுவிடுகிறார்கள். "மொத்தச் சுற்றளவு எத்தனை அடி? ஏழால் வகுத்தால் தூண், அதை ஆறால் பெருக்கினால் பலகை" என்று வாய்க்கணக்கிலேயே முடிந்துவிடுகிறது. இந்தக் கணக்கில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. பலகையின் மொத்த எண்ணிக்கை ஏறத்தாழ சரியாகவே வரும். அதனால் கணக்கே சரி என்று நம்பிவிடுவோம். லாரி வந்து இறங்கிய பிறகுதான் மூலைத் தூண் இல்லை, கடைசி இடைவெளிக்குப் பலகை நீளமாக இருக்கிறது, கேட் ஓரத்தில் நிறுத்தத் தூண் போதவில்லை என்று ஒவ்வொன்றாகத் தெரியும். ஒரு கிரவுண்டு மனையை எடுத்துக்கொண்டு, எல்லையின் நீளத்திலிருந்து தூண், பலகை, இணைப்புக் கலவை வரை கணக்கு எப்படிப் போவது என்று பார்ப்போம்.

சுவரின் உறுப்புகள்

பழைய மளிகைக் கடைகளில் இரவு கடையை மூடும்போது பலகைகளை ஒவ்வொன்றாகக் காடியில் செருகி அடைப்பார்களே, இந்தச் சுவரின் அமைப்பும் அதுதான். தூணின் பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை ஒரு பள்ளம் ஓடும். அதைக் காடி என்று வைத்துக்கொள்வோம். பலகையின் இரண்டு முனைகளும் இரண்டு தூண்களின் காடிக்குள் உட்காரும். இரண்டு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதியை, பாலத்துக்குச் சொல்வதுபோல, ஒரு கண் என்று சொல்லலாம்.

தூணில் மூன்று வகை உண்டு. சுவர் நேராகப் போகும் இடத்தில் நிற்கும் நடுத்தூணுக்கு எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு காடிகள் இருக்கும். மூலைத் தூணுக்கும் இரண்டு காடிகள்தான், ஆனால் அவை அடுத்தடுத்த பக்கங்களில் இருக்கும். சுவர் முடியும் இடத்தில், அதாவது கேட்டின் ஓரத்தில், நிற்கும் முனைத் தூணுக்கு ஒரே ஒரு காடி. யார்டில் பெரும்பாலும் நடுத்தூண்தான் அடுக்கி வைத்திருப்பார்கள். மற்ற இரண்டையும் நாம் எண்ணிச் சொன்னால்தான் சரியாக வந்து சேரும். இன்னொன்று, மூலைத் தூணின் காடிகள் செங்கோணத்துக்கு வார்க்கப்பட்டவை. மனையின் மூலை நன்றாகச் சாய்ந்திருந்தால் அது உதவாது. அங்கே இரண்டு முனைத் தூண்களை ஒட்டி நிறுத்த வேண்டியிருக்கும்.

"ஏழடி" என்பது எந்த ஏழடி?

யார்டுகாரர் "ஏழடிப் பலகை" என்று சொன்னதும் டேப்பை எடுத்து ஒரு பலகையை அளந்துவிடுங்கள். அவர் சொல்லும் ஏழடி பலகையின் நீளமாக இருக்கலாம். ஒரு தூணின் மையத்திலிருந்து அடுத்த தூணின் மையம் வரை உள்ள தூரமாகவும் இருக்கலாம். இரண்டும் ஒன்றல்ல. முழுக் கணக்கும் இந்த ஒரு இடத்தில்தான் நிற்கிறது அல்லது சாய்கிறது.

நம் உதாரணத்துக்கு இந்த அளவுகளை எடுத்துக்கொள்வோம். தூண் 6 அங்குலத்துக்கு 6 அங்குலம், நீளம் 8 அடி. காடியின் ஆழம் ஒன்றரை அங்குலம், அகலம் இரண்டரை அங்குலம். பலகை 2 அங்குலத் தடிமன், 1 அடி உயரம். மையத்துக்கு மையம் 7 அடி, அதாவது 84 அங்குலம்.

84-இல் ஒவ்வொரு தூணிலும் பாதி வீதம் மொத்தம் 6 அங்குலத்தைக் கழித்தால், தூணுக்கும் தூணுக்கும் நடுவே 78 அங்குலம் வெளி இருக்கிறது. பலகை ஒவ்வொரு முனையிலும் 1 அங்குலம் காடிக்குள் நுழைய வேண்டும். ஆக பலகையின் நீளம் 80 அங்குலம், அதாவது 6 அடி 8 அங்குலம். காடி ஒன்றரை அங்குல ஆழம் என்பதால் ஒவ்வொரு முனையிலும் அரை அங்குலம் காலியாக இருக்கும். அந்த அரை அங்குலம் வேண்டும் என்றே விடுவது. தூண் நடும்போது வரும் சிறு பிசகை அதுதான் தாங்குகிறது.

இந்த அளவில் விதி எளிது: மையத்துக்கு மையம் உள்ள தூரத்திலிருந்து 4 அங்குலத்தைக் கழித்தால் பலகை நீளம். துண்டாக வரும் சிறிய கண்ணுக்கும் இதே விதிதான். உங்கள் யார்டின் தூண் வேறு அளவாக இருந்தால் 4 என்பது மாறும், போடும் முறை மாறாது.

பலகையே 84 அங்குலம் இருக்கிறது என்று வையுங்கள். மேஸ்திரியோ ஏழடிக்கு ஒரு தூண் என்று நட்டுவிட்டார். 78 அங்குல வெளியில் இரண்டு காடியின் ஆழத்தையும் சேர்த்தால் 81 அங்குலம்தான் இடம் இருக்கிறது. 84 அங்குலப் பலகை எப்படி உள்ளே போகும்? கான்கிரீட் இறுகிய பிறகு இது தெரிந்தால் தூணை உடைத்து எடுப்பதைத் தவிர வழியில்லை.

எல்லைக் கோடு வேறு, சுவரின் மையக் கோடு வேறு

மனை 40-க்கு 60 என்று பத்திரத்தில் இருக்கிறது. சர்வேயர் தரும் புல வரைபடத்தில் மீட்டரில் இருக்கும். 3.281-ஆல் பெருக்கி அடியாக்கிக்கொள்ளலாம். ஆனால் கணக்குக்கு எடுக்க வேண்டியது கல் நட்ட பிறகு தரையில் டேப் பிடித்து அளந்த நீளம். நான்கு பக்கத்தையும் தனித்தனியாக அளக்க வேண்டும். எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாகத்தான் இருக்கும் என்று மூன்றாவது பக்கத்தோடு நிறுத்திவிடக் கூடாது.

தூணின் நடுப்புள்ளி எல்லைக் கோட்டில் நிற்காது. தூணைச் சுற்றி 15 அங்குலச் சதுரத்தில் குழி தோண்டி கான்கிரீட் போடுகிறோம். அந்தக் குழி முழுவதும் நம் மனைக்குள் அடங்க வேண்டுமானால், தூணின் மையம் எல்லையிலிருந்து ஏழரை அங்குலம் உள்ளே வரவேண்டும். தூண் வெளிமுகத்துக்கும் எல்லைக்கும் நடுவே நாலரை அங்குலம் விட மனசு வராதுதான். ஆனால் அடுத்த மனைக்காரர் பின்னால் வாணம் தோண்டும்போது உங்கள் குழியின் கான்கிரீட் அவர் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால், வெட்டி எடுக்கச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. வெட்டினால் தூண் ஆடும். அவரோடு பேசிச் சம்மதம் வாங்கிக்கொண்டால் விஷயம் வேறு.

ஆகவே ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு முனையிலும் ஏழரை ஏழரை, மொத்தம் 15 அங்குலம் கழிகிறது. 60 அடி என்பது மூலைத் தூண் மையத்துக்கு மையம் 58 அடி 9 அங்குலம், அதாவது 705 அங்குலம் ஆகிறது. 40 அடி 38 அடி 9 அங்குலமாகி 465 அங்குலம் ஆகிறது.

இனி ஒவ்வொரு பக்கமாகப் போவோம். 705-ஐ 84-ஆல் வகுத்தால் 8 முழுக் கண்ணும் 33 அங்குல மிச்சமும் வரும். மிச்சத்துக்கு ஒரு துண்டுக் கண் போட வேண்டும். ஆக இடது பக்கம் 9 கண், வலது பக்கமும் அப்படியே 9 கண். பின்பக்கம் 465-இல் 5 முழுக் கண்ணும் 45 அங்குலத் துண்டுக் கண்ணும், ஆக 6.

சிலர் துண்டே வேண்டாம் என்று 705-ஐ 9-ஆல் சமமாக வகுத்து நடச் சொல்வார்கள். பார்க்க ஒரே சீராக இருக்கும்தான். ஆனால் யார்டில் தயாராக இருக்கும் ஒரு பலகைகூட அதற்குப் பொருந்தாது. எல்லாவற்றையும் வெட்ட வேண்டும், இல்லையென்றால் புதிதாக வார்க்க வேண்டும். முழுக் கண்ணை அப்படியே விட்டு, துண்டுக் கண்ணைப் பின் மூலைப் பக்கம் தள்ளிவிடுவதே நல்லது.

முன்பக்கம்தான் யோசித்துச் செய்ய வேண்டிய இடம். 10 அடி கேட் என்று வைப்போம். இரும்புக் கேட்டை இந்த 6 அங்குலத் தூணில் தொங்கவிடக் கூடாது. கேட்டைத் திறக்கும்போதெல்லாம் அதன் எடை தூணைப் பக்கவாட்டில் இழுக்கும். சில மாதங்களில் தூண் சாய்ந்து, அடுத்த கண்ணின் பலகை காடியிலிருந்து வெளியே தெரிய ஆரம்பிக்கும். அதனால் கேட்டுக்கு என்று ஓரடிச் சதுரத்தில் கம்பி கட்டிய இரண்டு தனித் தூண்கள் எழுப்பி, அதை ஒட்டி நம் முனைத் தூணை நிறுத்த வேண்டும். கேட் 120 அங்குலம், அதன் தூண்கள் இரண்டும் 24 அங்குலம், முனைத் தூண்களின் பாதிப் பாதி சேர்ந்து 6 அங்குலம், ஆக 150 அங்குலம் போய்விடுகிறது. 465-இல் 315 அங்குலம் மிச்சம்.

கேட்டைச் சரியாக நடுவில் வைத்தால் இரண்டு பக்கமும் 157.5 அங்குலம் வரும். இரண்டு பக்கமும் துண்டுக் கண் விழும். கேட்டைச் சற்று நகர்த்தி இடப்பக்கம் சரியாக 168 அங்குலம் விட்டால் அங்கே 2 முழுக் கண் அமைந்துவிடும். வலப்பக்கம் 147 அங்குலத்தில் 1 முழுக் கண்ணும் 63 அங்குலத் துண்டுக் கண்ணும் வரும். பத்தரை அங்குலம் தள்ளியதில் ஒரு துண்டுக் கண் குறைந்துவிட்டது.

எல்லாவற்றையும் கூட்டினால் முழுக் கண் 8, 8, 5, 3 என்று 24. துண்டுக் கண் 33, 33, 45, 63 அங்குலம் என்று 4. மொத்தம் 28 கண்.

தூணும் பலகையும் எத்தனை?

இடைவெளியே இல்லாமல் சுற்றி வரும் சுவரில் எத்தனை கண்ணோ அத்தனை தூண். கேட் ஒன்று நடுவே வந்தால் சுற்று அறுபடுகிறது. அப்போது தொடக்கத்தில் ஒரு தூண் கூடும். ஒவ்வொரு திறப்புக்கும் ஒரு தூண் கூடுதல் என்று நினைவில் வைத்தால் போதும். 28 கண், ஒரு கேட், ஆகவே 29 தூண். அதில் மூலைத் தூண் 4, முனைத் தூண் 2, மீதி 23 நடுத்தூண். பக்கவாரியாக எண்ணிச் சரிபார்க்கலாம்: இடது பக்கம் மூலைகளுக்கு நடுவே 8, வலது பக்கம் 8, பின்னால் 5, முன்னால் கேட்டுக்கு இந்தப் பக்கம் 1, அந்தப் பக்கம் 1. கூட்டினால் 23 வருகிறது.

இப்போது வாய்க்கணக்கைப் பாருங்கள். சுற்றளவு 200 அடி, கேட் 10 அடி போக 190 அடி, ஏழால் வகுத்தால் 27 சொச்சம். 28 தூண் என்று சொல்லியிருப்பார்கள். ஒன்று குறைகிறது. அதைவிடப் பெரிய குறை, அந்த 28-இல் எத்தனை மூலை, எத்தனை முனை என்ற பேச்சே இல்லை.

பலகைக்கு வருவோம். ஒரு கண்ணில் 6 பலகை அடுக்கினால் 6 அடி. அடிப்பலகையை 3 அங்குலம் மண்ணுக்குள் இறக்குவது வழக்கம். இல்லாவிட்டால் முதல் மழையிலேயே அதன் அடியில் மண் அரித்து, பூனையும் நாயும் நுழையும் அளவுக்குச் சந்து விழும். ஆகவே தரைக்கு மேல் சுவர் ஏறத்தாழ 5 அடி 9 அங்குலம் நிற்கும். முழுக் கண் 24-க்கு 144 முழுப் பலகை. துண்டுக் கண் நான்குக்கும் ஆறாறு பலகை, மொத்தம் 24. அவற்றின் நீளம் நம் விதிப்படி 4 அங்குலம் கழித்து: 29 அங்குலத்தில் 12, 41 அங்குலத்தில் 6, 59 அங்குலத்தில் 6.

முழுப் பலகையை மனையிலேயே கட்டிங் மெஷின் வைத்து அறுத்தால் ஆகாதா என்று கேட்கலாம். ஆகும். 80 அங்குலப் பலகை ஒன்றில் 29 அங்குலத் துண்டு இரண்டு கிடைக்கும் என்பதால் 18 முழுப் பலகை போதும். ஆனால் அறுத்த முனையில் உள்ளே ஓடும் கம்பி வெளியே தெரியும். எண்ணூர், திருவொற்றியூர்ப் பக்கம் உப்புக்காற்று அந்தக் கம்பியைச் சும்மா விடாது. துரு ஏறினால் கம்பி பருக்கும், பருத்தால் கான்கிரீட் வெடிக்கும். யார்டில் அச்சுக்கு நடுவே ஒரு தடுப்பு வைத்து, கம்பியையும் அளவாக வெட்டி, குட்டைப் பலகையாகவே வார்த்துத் தரச் சொல்வதுதான் சரி. அறுத்தே தீரவேண்டும் என்றால் அந்த முனைக்குச் சிமெண்ட் பால் கெட்டியாகத் தடவி, காடிக்குள் முழுதாகக் கலவை இட்டு மூட வேண்டும்.

முழுப் பலகை ஒன்று ஏறத்தாழ 75 கிலோ எடை. லாரியிலிருந்து இறக்கும்போது ஒன்றிரண்டு உடைவது சகஜம் என்பதால் நான்கு கூடுதலாகச் சொல்லி வையுங்கள். பலகையைப் படுக்க வைத்துத் தூக்கவே கூடாது. சுவரில் எப்படி நிற்குமோ அப்படி நிமிர்த்தியே தூக்க வேண்டும். படுத்த வாக்கில் தூக்கினால் நடுவில் மயிரிழை விரிசல் விழும். அன்றைக்குத் தெரியாது. தண்ணீர் தெளித்து உலரவிட்டுப் பார்த்தால் விரிசல் மட்டும் ஈரக்கோடாகத் தெரியும். அப்படித் தெரியும் பலகையை வாங்காமல் திருப்பிவிடலாம்.

இணைப்புக்கு எவ்வளவு கலவை?

"இதுக்கு என்ன சார் கலவை, அரை மூட்டை சிமெண்ட் வாங்கிப் போடுங்க" என்று மேஸ்திரி சொல்வார். வேறொருவர் மூன்று மூட்டை கேட்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அவர்கள் மனதில் இருக்கும் வேலை வேறு வேறு.

காடிக்குள் எவ்வளவு காலி இடம் என்று பார்ப்போம். காடியின் குறுக்குப் பரப்பு இரண்டரைக்கு ஒன்றரை, அதாவது 3.75 சதுர அங்குலம். பலகை அதில் 2-க்கு 1, அதாவது 2 சதுர அங்குலத்தை அடைத்துக்கொள்கிறது. மிச்சம் 1.75 சதுர அங்குலம். பலகைகளின் உயரம் 72 அங்குலம் என்பதால் ஒரு காடிக்கு 126 கன அங்குலம் கலவை வேண்டும். கண்ணுக்கு இரண்டு காடி வீதம் 28 கண்ணுக்கு 56 காடி. பெருக்கினால் 7056 கன அங்குலம். ஒரு கன அடிக்கு 1728 கன அங்குலம், ஆக 4.1 கன அடி.

அடுத்தது பலகைக்கும் பலகைக்கும் நடுவே படுக்கை வாட்டத்தில் இடும் கலவை. ஆறு பலகைக்கு நடுவே ஐந்து இணைப்பு. கால் அங்குலக் கனம், 2 அங்குல அகலம். நீளத்துக்குத் தூண்களுக்கு இடையேயான வெளியை மட்டும் கூட்டினால் போதும். முழுக் கண் 24-க்கு 78 வீதம் 1872, துண்டுக் கண்களுக்கு 27, 27, 39, 57 சேர்ந்து 150, மொத்தம் 2022 அங்குலம். ஐந்து இணைப்புக்கும் சேர்த்து 5055 கன அங்குலம், அதாவது 2.9 கன அடி.

இரண்டும் சேர்ந்து 7 கன அடி. குறுகலான சந்தில் கலவை இடும்போது கீழே சிந்துவது அதிகம் என்பதால் இருபது சதவீதம் கூட்டினால் 8.4 கன அடி. இது குழைத்த கலவை. சிமெண்டும் மணலும் உலர்ந்த நிலையில் இதைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம் வேண்டும். மணலுக்குள் உள்ள காற்று இடைவெளியில் சிமெண்ட் புகுந்து அளவு சுருங்கிவிடுகிறது. எனவே 1.33-ஆல் பெருக்கினால் 11.2 கன அடி. ஒன்றுக்கு மூன்று கலவை என்றால் நாலில் ஒரு பங்கு சிமெண்ட், 2.8 கன அடி. ஒரு மூட்டை சுமார் 1.25 கன அடி என்பதால் இரண்டேகால் மூட்டை. வாங்குவது 3 மூட்டை. மணல் 8.4 கன அடி. அது பூச்சு வேலைக்கான சலித்த எம்-சாண்டாக இருக்க வேண்டும். பருமணல் கால் அங்குலச் சந்துக்குள் இறங்காது.

அப்படியானால் அரை மூட்டைக் கணக்கு எங்கிருந்து வருகிறது? பலகையின் இரண்டு பக்கமும் தெரியும் கால் அங்குலச் சந்தை மட்டும் வெளியிலிருந்து பூசி மூடினால் வருகிறது. அப்போது ஒரு காடிக்கு 1.75-க்குப் பதில் 0.5 சதுர அங்குலம்தான். பலகைகளை நடுவில் கலவை இல்லாமல் அப்படியே அடுக்கிவிடுவார்கள். மொத்தம் 1.2 கன அடிக் கலவைக்கு அரை மூட்டைகூட முழுதாகச் செலவாகாது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு சுவரும் ஒன்றுபோலவே இருக்கும். பலகையின் முனைக்குப் பின்னால் அரை அங்குலப் பொந்து மேலிருந்து கீழ்வரை ஓடுவது கண்ணுக்குத் தெரியாது. மழைநீர் அதில் தங்கும். காற்றடிக்கும்போது பலகை ஆடி, பூச்சு பெயர்ந்து விழும். அதனால் வேலையை ஒப்படைக்கும் முன்பே மேஸ்திரியிடம் இணைப்புக்கு எத்தனை மூட்டை என்று கேளுங்கள். அவர் எந்த வேலையைச் செய்யப்போகிறார் என்பது அந்தப் பதிலிலேயே இருக்கும்.

முழுதாக நிரப்ப ஒரு ஒழுங்கு உண்டு. ஒவ்வொரு பலகையும் இறங்கும் முன் இரண்டு காடியின் உட்பக்கத்திலும் கலவையை அப்பி, கீழ்ப்பலகையின் முதுகில் கால் அங்குலம் பரப்பி, அப்புறம் பலகையை இறக்க வேண்டும். ஆறு பலகையையும் அடுக்கிவிட்டுக் கடைசியில் நிரப்புகிறேன் என்றால் உள்ளே கலவை போகவே போகாது. முடிந்த சுவரில் காடியை ஒட்டிச் சுத்தியலின் காம்பால் தட்டிப் பாருங்கள். நிரம்பிய இடம் கெட்டியாக ஒலிக்கும். பொந்து இருந்தால் ஓசை மாறும்.

இந்தக் கணக்கோடு குழியின் கான்கிரீட்டைக் கலந்துவிட வேண்டாம். அது தனி. குழி இரண்டரை அடி ஆழம், அடியில் 3 அங்குலம் கான்கிரீட் படுக்கை, அதன்மேல் தூண், பிறகு தரைக்கு 3 அங்குலம் கீழே வரை கான்கிரீட். அந்த மேல்முகத்தில்தான் அடிப்பலகையின் முனைகள் உட்காரும். தூண் அடைக்கும் இடத்தைக் கழித்தால் குழிக்கு 3 கன அடி, 29 குழிக்கு 87 கன அடி. ஒன்றுக்கு இரண்டு, நான்கு என்ற விகிதத்தில் இதற்கு மட்டும் 16 மூட்டை சிமெண்ட் போகும். மாத்தூர், மணலிப் பக்கக் களிமண்ணில் ஐப்பசி, கார்த்திகையில் குழி தோண்டிய சிறிது நேரத்திலேயே தண்ணீர் ஊறி நிற்கும். அதை இறைத்துவிட்டு, அடியில் உள்ள சேற்றையும் வழித்து எடுத்த பிறகே கான்கிரீட் போட வேண்டும்.

தண்ணீரும் மண்ணும்

காடியும் இணைப்பும் முழுதாக அடைபட்ட சுவரைத் தண்ணீர் எளிதில் கடக்காது. வடசென்னையின் தாழ்ந்த பகுதிகளில் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது மணலி, எண்ணூர்ப் பக்கம் தண்ணீர் எப்படி நின்றது என்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். சுவரின் ஒரு பக்கம் மட்டும் 2 அடித் தண்ணீர் நின்றால், ஒரு கண்ணின் மேல் சுமார் 400 கிலோ எடைக்குச் சமமான தள்ளல் விழுகிறது. அதுவே 3 அடியானால் 900 கிலோவை நெருங்கும். தண்ணீர் ஒன்றரை மடங்கு உயர்ந்தால் தள்ளல் இரண்டு மடங்குக்கும் மேலாகிவிடுகிறது. அந்தச் சுமை முழுவதும் ஊறிப்போன களிமண்ணில் நிற்கும் தூணுக்குத்தான் போகிறது.

இதற்கு வழி, தண்ணீர் இரண்டு பக்கமும் சமமாக நிற்க விடுவது. அடிவரிசைப் பலகைகளில் ஒரு கண் விட்டு ஒரு கண்ணில், நடு உயரத்தில் 3 அங்குலப் பிவிசி குழாய்த் துண்டு வைத்து வார்த்துத் தரச் சொல்லலாம். முழுக் கண் 24-இல் 12 பலகை அப்படி வந்தால் போதும். பிறகு சுவரில் துளை போட்டால் கம்பி அறுபடும், ஆகவே ஆர்டரிலேயே இதைத் தனி எண்ணிக்கையாக எழுதிவிடுங்கள்.

மண்ணைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். தெருவில் ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் மட்டம் உயர்வதால், இங்கே பலரும் சுவர் எழுப்பிய பிறகு மனைக்குள் மண் அடித்து மேடாக்குகிறார்கள். 2 அங்குலப் பலகை மண்ணைத் தாங்கி நிறுத்தச் செய்யப்பட்டதல்ல. இரண்டடி மண் அடித்தால், அது நனையும்போதெல்லாம் பலகை வெளிப்பக்கம் வயிறு தள்ளும். தூண் தெருப்பக்கம் சாயும். மண் அடிக்கும் திட்டம் இருந்தால் அந்த உயரம் வரை கீழே கான்கிரீட் தடுப்புச் சுவரோ கருங்கல் கட்டோ எழுப்பி, அதன் மேல் மட்டத்திலிருந்து பலகையை எண்ண வேண்டும். அப்போது தூணின் நீளமும் மாறும். ஆகவே மண் அடிப்பதா வேண்டாமா என்பதை முடிவு செய்யாமல் தூணுக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள்.

ஆர்டரை இரண்டாகப் பிரியுங்கள்

தூண் நடும்போது ஒவ்வொரு கண்ணிலும் கொஞ்சம் பிசகும். நம் 80 அங்குலப் பலகை இரண்டு முனையிலும் குறைந்தது முக்கால் அங்குலமாவது காடிக்குள் இருக்க வேண்டும் என்றால், தூண்களுக்கு இடையேயான வெளி எழுபத்தெட்டரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது. 77-க்குக் கீழே போனால் பலகை இறங்கவே இறங்காது. இந்தச் சிறிய வரம்புக்குள் நிற்க டேப்பை மட்டும் நம்ப முடியாது. நேரான சவுக்குக் கழியோ இரும்புக் குழாயோ ஒன்றைச் சரியாக 78 அங்குலத்துக்கு வெட்டிக்கொண்டு, அடுத்த தூணை நிறுத்தும்போது மேலேயும் கீழேயும் அதை வைத்துப் பார்க்க வேண்டும். மேலே பொருந்தி, கீழே இறுகினால் தூண் சாய்ந்திருக்கிறது. தூக்குக்குண்டு விட்டு நிமிர்த்திய பிறகே கான்கிரீட்.

எட்டு முழுக் கண்ணின் பிசகும் சேர்ந்து கடைசியில் துண்டுக் கண்ணில் வந்து விழும். ஒவ்வொன்றிலும் கால் அங்குலம் கூடினாலே 33 அங்குலக் கண் 31 ஆகிவிடும். 29 அங்குலத்துக்கு வார்த்த பலகை அதில் போகாது. இதனால்தான் முதலில் தூண்கள் எல்லாவற்றையும் முழுப் பலகைகளையும் மட்டும் வரவழைக்கச் சொல்கிறேன். தூண்கள் நின்று கான்கிரீட் இறுகிய பிறகு, துண்டுக் கண் ஒவ்வொன்றிலும் தூணுக்கும் தூணுக்கும் நடுவே உள்ள வெளியை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளந்து, மூன்றில் குறைந்த அளவோடு 2 அங்குலத்தைக் கூட்டி யார்டுக்குச் சொல்லுங்கள். குட்டைப் பலகை வார்த்து, நீராற்றி வந்து சேரச் சில நாள் கூடுதலாக ஆகும். அதற்குள் முழுக் கண்களில் பலகை இறக்கும் வேலை நடந்துகொண்டிருக்கும். துண்டுக் கண்கள் பின் மூலையிலும் கேட்டின் வலப்பக்கத்திலும்தான் இருக்கின்றன என்பதால், அவை காலியாக இருக்கும் நாட்களில் அங்கே ஒரு தகரத்தைச் சாத்தி வைத்தால் போதும்.